எந்த இடத்து ஐந்து வோல்ட்?

ரேடியோவுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் ஒரு காலத்தில் வாங்கிவைத்த பேட்டரி எலிமினேட்டர் பரணில் இன்னும் கிடந்தால், அதை எடுத்துத் தூசி தட்டி, முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். மேலே 9 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். மீட்டரோ 12, 13 என்று காட்டும். பெட்டி கெட்டுவிட்டது என்று பலரும் அப்போதே தூக்கிப் போட்டுவிடுவார்கள். உண்மையில் அதில் கோளாறு எதுவும் இல்லை. அரை ஆம்பியர் இழுக்கும் ஒரு ரேடியோவை அதில் மாட்டினால் அதே பெட்டி 9 வோல்ட்டுக்கு இறங்கி வரும். அச்சிட்டிருப்பது வேலை செய்யும்போது கிடைக்கிற வோல்டேஜ். மீட்டர் காட்டியது சும்மா இருக்கும்போது இருக்கிற வோல்டேஜ்.

சும்மா இருக்கும்போது 13, முழு வேலையில் 9. இந்த வித்தியாசத்தை ஒரு சதவீதமாக எழுதினால் அதற்குப் பெயர் லோடு ரெகுலேஷன். கணக்கு எளிது: சுமை இல்லாதபோது இருந்த வோல்டேஜில் முழுச் சுமையில் இருந்ததைக் கழித்து, முழுச் சுமை வோல்டேஜால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும்.

(13 − 9) ÷ 9 × 100 = 44.4

அதாவது 44 சதவீதம். இந்த எண் சிறியதாக இருக்க இருக்கத்தான் பவர் சப்ளை நல்லது. எலிமினேட்டர் இதில் படுமோசம். உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, ஒரு கண்டென்சர், அவ்வளவுதான். வோல்டேஜ் குறைகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய உள்ளே ஆளே கிடையாது.

அந்தப் பெட்டிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. சாயங்காலம் தெருவெல்லாம் மோட்டார் ஓடும் நேரத்தில் ஃபேன் மெதுவாகச் சுற்றும், பழைய குண்டு பல்பு மஞ்சளாகும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 200தான் வரும். அப்போது எலிமினேட்டரின் 9 வோல்ட்டும் அதே விகிதத்தில் 8-க்குக் கீழே போய்விடும். உள்ளே வருவது மாறும்போது வெளியே போவது எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் எண் லைன் ரெகுலேஷன். சுமையால் வரும் மாற்றம் ஒன்று, கரண்ட் கம்பியில் வரும் மாற்றம் இன்னொன்று. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்றை அளக்கும்போது மற்றது அசையாமல் இருக்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் மருந்தாக வந்ததுதான் மூன்று கால் ரெகுலேட்டர். அதில் மிகப் பழகியது 7805. பாலிடெக்னிக் லேப்பிலும் ரிப்பேர் கடையிலும் அரை நூற்றாண்டாக இருக்கிற ஐசி. ஒரு காலில் 7 வோல்ட்டுக்கு மேல் எதைக் கொடுத்தாலும் (25 வோல்ட் வரை கொடுத்தே அதைச் சோதித்திருக்கிறார்கள்) இன்னொரு காலில் 5 வோல்ட் தரும். உள்ளே ஒரு நிலையான ஒப்பீட்டு வோல்டேஜ் இருக்கிறது. வெளியே போகும் வோல்டேஜின் ஒரு பங்கை அதனோடு ஓயாமல் ஒப்பிட்டு, குறைந்தால் வழியைத் திறந்துவிட்டு, கூடினால் மூடிக்கொள்ளும் ஒரு ஆம்ப்ளிஃபையரும் இருக்கிறது. ஆனால் அந்த ஆம்ப்ளிஃபையர் வேலை செய்ய வேண்டுமானால் அதன் கண்ணில் ஒரு துளி வித்தியாசம் பட்டாக வேண்டும். சுமை கூடும்போது வழியை இன்னும் திறக்க வேண்டும், அதற்கு வித்தியாசமும் இன்னும் ஒரு துளி கூட வேண்டும். அந்தத் துளிதான் வெளியே சில மில்லிவோல்ட் இறக்கமாகத் தெரிகிறது. எந்த ரெகுலேட்டரிலும் ரெகுலேஷன் முழுப் பூஜ்யமாக இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு துளி? 7805-இன் டேட்டாஷீட் சொல்கிறது: 5 மில்லி ஆம்பியரிலிருந்து 1.5 ஆம்பியர் வரை சுமை கூடினால் வழக்கமாக 15 மில்லிவோல்ட் அளவில் இறங்கும், அதிகபட்சம் 100 வரை போகலாம். உள்ளீடு 7-லிருந்து 25 வோல்ட்டுக்கு ஏறினால் வழக்கமாக 3 மில்லிவோல்ட் மாறும், அதிகபட்சம் 100. தயாரிப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும். எலிமினேட்டரின் 4 வோல்ட் இறக்கத்தின் பக்கத்தில் வைத்தால் 15 மில்லிவோல்ட் ஒன்றுமே இல்லை. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இவ்வளவு சிறிய மாற்றத்தை அளக்கப் போகும்போது, ஐசியை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒயரையும் சூட்டையும் கண்டென்சரையும் அளந்துவிட்டு வருவது மிகச் சுலபம்.

மேசையில் ஒன்றைக் கட்டிப் பார்ப்போம். 9 வோல்ட் 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் டயோடு, 2200 மைக்ரோஃபாரட் கண்டென்சர், அதன் பின்னால் கைப்பிடி அளவு ஹீட்சிங்க்கில் திருகிய 7805. ஒரு ஆம்பியர்கூட எடுக்கப் போவதில்லையே, 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு என்று கேட்கலாம். பிரிட்ஜும் கண்டென்சரும் கரண்ட்டைச் சீராக இழுப்பதில்லை. அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று இழுக்கும். அதனால் டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் ஆம்பியரில் சுமார் அறுபது சதவீதத்தைத்தான் டிசியாக எடுக்க முடியும்.

சுமைக்கு 22 ஓம் 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். ஒன்றைப் போட்டால் சுமார் 0.23 ஆம்பியர் ஓடும், நான்கையும் போட்டால் 0.91. உள்ளே வரும் 230 வோல்ட்டை ஏற்றி இறக்க டிம்மர்ஸ்டாட். அது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் என்பதை மறக்க வேண்டாம். கைப்பிடியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவைத்தாலும் அதன் வெளியீட்டு முனையில் ஃபேஸ் இருக்கலாம், தொட்டால் ஷாக்தான். நம்முடைய 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் தாண்டிய பிறகு உள்ள பகுதியை மட்டும்தான் கையால் தொடலாம்.

முதலில் லோடு. டிம்மர்ஸ்டாட்டை 230-இல் நிறுத்தி, அது அசையாமல் பார்த்துக்கொண்டு, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடுகிறோம். மீட்டரின் முனைகள் 7805-இன் வெளியீட்டுக் காலிலும் நடுக்காலிலும் நேராகப் பட்டிருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள ஒரு ஐசியில் ரீடிங் ஏறக்குறைய இப்படி வரும்:

சுமை இல்லை: 5.021 வோல்ட்
0.23 ஆம்பியர்: 5.018 வோல்ட்
0.45 ஆம்பியர்: 5.015 வோல்ட்
0.68 ஆம்பியர்: 5.011 வோல்ட்
0.91 ஆம்பியர்: 5.008 வோல்ட்

கணக்கு முன்போலவே:

(5.021 − 5.008) ÷ 5.008 × 100 = 0.26

கால் சதவீதத்துக்குச் சற்று மேல். நடுவில் உள்ள மூன்று ரீடிங்கும் கணக்கில் வரவே இல்லையே, எதற்காக எடுத்தோம்? அவை சாட்சிகள். ஒவ்வொரு படியிலும் மூன்று நான்கு மில்லிவோல்ட் ஒரே சீராக இறங்கியிருக்கிறது. அப்படி இறங்கினால் ஐசி ஒரு சிறிய ரெசிஸ்டர் போல நடந்துகொள்கிறது என்று பொருள். 13 மில்லிவோல்ட்டை 0.91 ஆம்பியரால் வகுத்தால் சுமார் 14 மில்லி ஓம். டேட்டாஷீட் வெளியீட்டு ரெசிஸ்டன்ஸை 17 மில்லி ஓம் என்கிறது. பொருந்துகிறது. மாறாக, முதல் மூன்று படி சீராக இறங்கிவிட்டுக் கடைசிப் படியில் மட்டும் திடீரென்று அறுபது மில்லிவோல்ட் விழுந்தால், அது ரெகுலேஷன் இல்லை, வேறு ஏதோ முறிந்திருக்கிறது. வெறும் இரண்டு ரீடிங் எடுத்தவருக்கு இது தெரிய வழியே இல்லை.

இப்போது மீட்டரின் முனைகளை மட்டும் எடுத்து, ரெசிஸ்டர்கள் இருக்கும் பலகையில் வைப்போம். ஐசிக்கும் ரெசிஸ்டர்களுக்கும் நடுவே போகவும் வரவும் அரை மீட்டர் ஒயர் இருக்கிறது. கடையில் 14/36 என்று கேட்டு வாங்குகிற சாதாரண ஃப்ளெக்ஸ் ஒயர், 36 கேஜில் பதினான்கு இழை. அதன் செம்பு மீட்டருக்குச் சுமார் 42 மில்லி ஓம் இருக்கும். போக வர ஒரு மீட்டர் ஆயிற்று. 0.91 ஆம்பியர் அதில் ஓடும்போது 38 மில்லிவோல்ட் ஒயரிலேயே காணாமல் போகும். சுமை இல்லாதபோது கரண்ட் ஓடாததால் ஒயரில் இழப்பும் இல்லை, பழைய 5.021-தான் தெரியும். முழுச் சுமையில் 4.970 தெரியும்.

(5.021 − 4.970) ÷ 4.970 × 100 = 1.03

அதே ஐசி, அதே சுமை, அதே நிமிடம். ரெகுலேஷன் நான்கு மடங்கு மோசமாகிவிட்டது. இதை எழுதிக்கொண்டு ஐசி சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனால் அது அநியாயம். பிரெட்போர்டில் கட்டினால் இன்னும் மோசமாகும். அந்தச் சின்ன ஸ்பிரிங் பிடிகள் ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சில மில்லி ஓம் சேர்க்கும்.

ஒயரின் ரெசிஸ்டன்ஸ் அளவீட்டுக்குள் நுழைந்துவிடாமல் தடுக்க, கரண்ட் போக இரண்டு ஒயர், வோல்டேஜ் பார்க்க வேறு இரண்டு ஒயர் என்று பிரிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்ட வழி. இயற்பியலாளர் கெல்வினின் பெயரால் அதைக் கெல்வின் இணைப்பு என்கிறார்கள். மீட்டரின் ஒயரில் கரண்ட் அநேகமாக ஓடுவதே இல்லை, அதனால் அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் வோல்டேஜை அப்படியே கொண்டுவந்து தரும். விலை உயர்ந்த பெஞ்ச் சப்ளைகளில் வெளியீட்டு முனைகளுக்குப் பக்கத்தில் சென்ஸ் என்று இரண்டு சிறிய முனைகள் இருப்பதும் இதற்காகத்தான். அவற்றைச் சுமையின் வாசலுக்கே கொண்டுபோய் இணைத்துவிட்டால், சப்ளை தன் வாசலில் உள்ள வோல்டேஜைப் பார்க்காமல் சுமையின் வாசலில் உள்ளதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

ஆக, இரண்டு ரீடிங்கில் எது சரி? கேள்வியைப் பொறுத்தது. ஐசியின் தரம் தெரிய வேண்டுமானால் 0.26. இந்தப் பெட்டியை ஒயரோடு சேர்த்து ஒருவருக்குக் கொடுக்கப் போகிறோம் என்றால் அவருக்குக் கிடைக்கப் போவது 1.03. தவறு எங்கே வரும் என்றால், எங்கே அளந்தோம் என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதும்போது.

அடுத்தது நேரம். நான்கு சுவிட்சையும் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். ஐசியின் காலிலேயே ரீடிங் 5.008-இல் இல்லை, 4.955 பக்கம் வந்திருக்கும். யாரும் எதையும் தொடவில்லை. ஐசி சூடாகிவிட்டது. உள்ளே சராசரியாக 9.2 வோல்ட் வருகிறது, 5 வெளியே போகிறது, நடுவில் உள்ள 4.2 வோல்ட்டும் 0.91 ஆம்பியரும் சேர்ந்து கிட்டத்தட்ட 3.8 வாட் வெப்பமாக ஐசியில் இறங்குகிறது. நாம் போட்டிருக்கும் ஹீட்சிங்க்கில் வாட்டுக்குச் சுமார் 10 டிகிரி ஏறும், சிலிக்கானிலிருந்து ஐசியின் முதுகு வரை இன்னொரு 5 டிகிரி. மொத்தம் 57 டிகிரி ஏற்றம். 7805-இன் வெளியீடு டிகிரிக்கு ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் குறையும் என்று டேட்டாஷீட்டே ஒரு மூலையில் சொல்லியிருக்கிறது. அப்படியானால் ஐம்பது மில்லிவோல்ட்டுக்கு மேல் சூட்டினால் மட்டும் போய்விட்டது. சுமையால் போனதோ வெறும் 13.

டேட்டாஷீட்டின் அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. அதில் இதற்கு விடை இருக்கிறது: சுமையை மிகக் குறுகிய துடிப்பாகக் கொடுத்து, ஐசி சூடாவதற்குள் அளந்துவிட்டதாகவும், சூட்டின் விளைவைத் தனியாகக் கணக்கிட வேண்டும் என்றும் எழுதியிருப்பார்கள். நம் மேசையில் துடிப்பு கொடுக்கும் கருவி இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. முழுச் சுமையில் கால் மணி நேரம் விட்டு, சூடு ஏறி நிற்கட்டும். ரீடிங் அசையாமல் நின்றதும் அதைக் குறித்துக்கொண்டு, எல்லா ரெசிஸ்டர்களையும் ஒரே சுவிட்சில் நறுக்கென்று துண்டித்து, அடுத்த ஓரிரு நொடிக்குள் சுமையில்லாத ரீடிங்கைப் பார்க்க வேண்டும். 4.955 இருந்தது 4.968-க்கு ஏறியிருக்கும். அந்த 13 மில்லிவோல்ட்தான் லோடு ரெகுலேஷன். அதற்குப் பிறகு ஐசி ஆற ஆற, ரீடிங் மெல்ல 5.021 நோக்கி ஊர்ந்து போகும். அது சூட்டின் கதை. வேகமாக மாறுவது மின்சாரத்தால், மெதுவாக ஊர்வது வெப்பத்தால் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மீட்டரின் முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

இனி லைன். சுமையை 0.45 ஆம்பியரில், அதாவது இரண்டு ரெசிஸ்டரில், நிறுத்திவிட்டு டிம்மர்ஸ்டாட்டைத் திருப்புகிறோம். 230-க்குப் பத்து சதவீதம் கீழே 207, பத்து சதவீதம் மேலே 253. கண்டென்சரின் மேல் உள்ள டிசி முதலில் 8.8 வோல்ட், கடைசியில் 11.4 வோல்ட். வெளியே? பத்து விரலிலும் எண்ணிப் பார்க்கும்படியான மாற்றம் இல்லை. மஞ்சள் நிறத்தில் விற்கும் விலை குறைந்த மூன்றரை இலக்க மீட்டரை 20 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் முன்னும் 5.01, பின்னும் 5.01. கழித்தால் பூஜ்யம். லைன் ரெகுலேஷன் பூஜ்யம் சதவீதம் என்று எத்தனையோ ரெக்கார்டு நோட்டுகளில் எழுதி, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. அந்தப் பூஜ்யம் ஐசியின் பெருமை இல்லை, மீட்டரின் இயலாமை. அந்த ரேஞ்சில் 10 மில்லிவோல்ட்டுக்குக் குறைவான எதையும் அந்த மீட்டரால் காட்ட முடியாது.

கொஞ்சம் நல்ல மீட்டரானாலும் கடைசி இலக்கம் ஒன்றே ஒன்று ஆடும், அது நிஜமா மீட்டரின் தடுமாற்றமா என்று சொல்ல முடியாது. இதற்குப் புது மீட்டர் வாங்க வேண்டியதில்லை. இன்னொரு 7805-ஐ 12 வோல்ட் பேட்டரியில் போட்டு, சுமையை மாற்றாமல் ஒரு ஓரமாக ஓடவிடுங்கள். கரண்ட் கம்பியோடு அதற்கு உறவே இல்லாததால் டிம்மர்ஸ்டாட் எங்கே திரும்பினாலும் அது அசையாது. இரண்டின் நெகட்டிவையும் சேர்த்துக் கட்டிவிட்டு, இரண்டு பாசிட்டிவுக்கும் நடுவே அதே மஞ்சள் மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வையுங்கள். இரண்டு ஐசியும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்காது. ஒன்று சற்றுக் கூட, ஒன்று சற்றுக் குறைய. அந்த வித்தியாசம், உதாரணமாக 34.1 மில்லிவோல்ட், மீட்டரில் தெரியும். டிம்மர்ஸ்டாட்டை 207-லிருந்து 253-க்குத் திருப்பினால் அது 35.1 ஆகும். ஒரு மில்லிவோல்ட் மாற்றம். ஐந்து வோல்ட்டை அளக்கச் சொன்னபோது குருடாக இருந்த மீட்டர், வித்தியாசத்தை மட்டும் அளக்கச் சொன்னதும் மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைப் பார்க்கிறது.

இங்கேயும் அவசரம் கூடாது, இந்த முறை வேறு காரணத்துக்காக. உள்ளீடு கூடினால் ஐசியின் சூடும் கூடும். அதனால் டிம்மர்ஸ்டாட்டைத் திருப்பிய உடனே தெரியும் மாற்றத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு ஊர்வதை அல்ல.

அந்த ஒரு மில்லிவோல்ட்டை எப்படி எழுதுவது? லைன் ரெகுலேஷனில் ஆளுக்கொரு வகுத்தல். உள்ளீடு 2.6 வோல்ட் ஏறியதற்கு வெளியீடு 1 மில்லிவோல்ட் ஏறியது, எனவே வோல்ட்டுக்கு 0.38 மில்லிவோல்ட் என்று ஒருவர் எழுதுவார். அதையே சதவீதமாக்கி 0.038 என்று இன்னொருவர். வெளியீட்டின் 5 வோல்ட்டோடு ஒப்பிட்டு 0.02 சதவீதம் என்று மூன்றாமவர். அந்த 0.02-ஐ உள்ளீட்டின் 2.6 வோல்ட்டுக்குப் பங்கிட்டு, வோல்ட்டுக்கு 0.008 சதவீதம் என்று நான்காமவர். நால்வரும் பார்த்தது ஒரே மீட்டர். என்னைக் கேட்டால் முதலாமவர் எழுதியதே நல்லது: மாற்றம் இவ்வளவு, இந்த உள்ளீட்டு எல்லைக்குள், இந்தச் சுமையில். அதை வைத்து மற்ற மூன்றையும் யாரும் போட்டுக்கொள்ளலாம். விளம்பரத்தில் சதவீதம் மட்டும் இருந்தால், எதால் வகுத்தார்கள் என்று கேட்காமல் இரண்டு பெட்டிகளை ஒப்பிட முடியாது. லோடு ரெகுலேஷனிலும் இதே தொல்லை உண்டு. எலிமினேட்டரின் 4 வோல்ட்டை 9-ஆல் வகுத்தால் 44, 13-ஆல் வகுத்தால் 31. நல்ல ரெகுலேட்டரில் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே எண் என்பதால் அது யாருக்கும் உறுத்துவதில்லை.

இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. இப்போது நான்கு ரெசிஸ்டரையும் போட்டுவிட்டு 207-க்கு இறக்குவோம். இரண்டு தனிச் சோதனைகளிலும் வராத ஒன்று இங்கே வரும். ஐசியின் காலில் ரீடிங் 4.95 என்று காட்டும். ஐசி இன்னும் ஆறித்தான் இருக்கிறது, சூட்டின் மேல் பழி போட முடியாது. டிம்மர்ஸ்டாட்டை 230-க்கு ஏற்றியதும் 5.008 திரும்பிவருகிறது. லைன் ரெகுலேஷன் அறுபது மடங்கு கெட்டுவிட்டதா?

மீட்டர் காட்டுவது சராசரி. கண்டென்சரின் மேல் இருப்பது நேர்க்கோடு இல்லை, ரம்பப் பல். டயோடு வழியாக நூற்றில் ஒரு நொடிக்கு ஒருமுறை உச்சிக்கு ஏறும், அடுத்த ஏற்றம் வரும்வரை சுமைக்குக் கொடுத்துக் கொடுத்துச் சரியும். 207 வோல்ட்டில் அந்த உச்சி சுமார் 9.65. அடுத்த நிரப்பு வருவதற்குள் ஏறத்தாழ 8 மில்லி நொடி. 0.91 ஆம்பியரை 0.008 நொடியால் பெருக்கி 0.0022 ஃபாரடால் வகுத்தால் 3.3 வோல்ட் சரிவு. பள்ளத்தின் அடி 6.3. 7805-க்குத் தன் வெளியீட்டைவிடச் சுமார் 2 வோல்ட் கூடுதலாக, அதாவது 7 வோல்ட், உள்ளே இருந்தால்தான் பிடி இருக்கும். ஒவ்வொரு பல்லின் கடைசி இரண்டு மில்லி நொடிக்கும் பிடி நழுவுகிறது. அப்போது வெளியீடு 4.3 வரை குழிந்து மீள்கிறது. நொடிக்கு நூறு குழி. மீட்டர் அதையெல்லாம் மழுப்பிச் சராசரியாக 4.95 என்கிறது. பார்ப்பவர் அதை லைன் ரெகுலேஷன் என்று எழுதிக்கொள்கிறார்.

பிடி நழுவலைக் கண்டுபிடிக்க ஆசிலோஸ்கோப் இருந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இல்லாவிட்டால், ஏசி மில்லிவோல்ட் ரேஞ்ச் உள்ள மீட்டரை வெளியீட்டில் வையுங்கள். பிடி இருக்கும்வரை ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டாது. நழுவியதும் நூறு மில்லிவோல்ட் அளவுக்குத் துள்ளும். அந்த மஞ்சள் மீட்டர் இதற்கு உதவாது, அதில் ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்டில்தான் ஆரம்பிக்கிறது. சப்ளையில் ஓடுவது ஆம்ப்ளிஃபையராக இருந்தால் மீட்டரே வேண்டாம், ஸ்பீக்கரில் ம்ம்ம் என்ற ஹம் கேட்கும்.

மருந்து ஐசியை மாற்றுவது இல்லை, கண்டென்சரை மாற்றுவது. 2200 இருந்த இடத்தில் 4700 மைக்ரோஃபாரட் வைத்தால் சரிவு 1.5 வோல்ட் அளவுக்குக் குறையும், பள்ளத்தின் அடி 8 வோல்ட்டில் நிற்கும், 207-இலும் ஐசியின் காலில் 5.008 கிடைக்கும்.

கீழ் எல்லை சரியானதும் பலரும் டிம்மர்ஸ்டாட்டை அணைத்துவிடுவார்கள். மேல் எல்லை பாக்கி இருக்கிறது. 253 வோல்ட்டில் ஐசிக்குள் வரும் சராசரி 11.4-க்கு மேல், அதில் 5 போக மிச்சம் 6.4 வோல்ட். 0.91 ஆம்பியரோடு பெருக்கினால் கிட்டத்தட்ட 5.8 வாட். நம் ஹீட்சிங்க்கில் சிலிக்கான் 87 டிகிரி ஏறும். மே மாதத்து மதியம் 40 டிகிரி அறையில் அது 127. 7805-க்குச் சொல்லப்பட்ட மேல் எல்லை 125. மூடிய பெட்டிக்குள் போட்டால் இன்னும் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் ஐசி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே அடைத்துக்கொண்டு, ஆறியதும் திறந்து, மறுபடி அடைக்கும். அதனால் முழுச் சுமையும் மேல் வோல்டேஜுமாக அரை மணி நேரம் விட்டுப் பார்க்காமல் சோதனை முடிந்ததாகக் கொள்ள முடியாது. பெரிய ஹீட்சிங்க் போடுவதா, 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் 8 வோல்ட் போட்டு மறுபடி பள்ளத்தின் அடியைக் கணக்கிடுவதா என்பதை அந்த அரை மணி நேரம்தான் சொல்லும்.

இந்த மோசமான மூலையில் எல்லாவற்றையும் கூட்டினால்: ஆறியபோது சுமையில்லாமல் 5.021. சுமைக்கு 13 மில்லிவோல்ட், சூட்டுக்கு ஏறக்குறைய 87, ஒயருக்கு 38 போக, பலகையில் கிடைப்பது 4.88. அங்கே மாட்டியிருப்பது பழைய 74 வரிசை லாஜிக் ஐசி என்றால் அதற்கு 4.75 வரை போதும், வேலை நடக்கும். இந்த 138 மில்லிவோல்ட் இழப்பில் டேட்டாஷீட் லோடு ரெகுலேஷன் என்று பெயர் சொல்லி எழுதியிருப்பது 13 மட்டும்தான்.